திங்கட்கிழமையும் ஜனவரியும்: பங்கு விலைகளுக்கு நாட்பலன் உண்டா?



செவ்வாய்க்கிழமையில் புதுக்கணக்குத் தொடங்காத வணிகரையும், ஆடி மாதத்தில் மணப்பேச்சு எடுக்காத குடும்பத்தாரையும் நாம் எல்லோரும் அறிவோம். நாளுக்கும் மாதத்துக்கும் தனிக்குணம் உண்டு என்னும் எண்ணம் நம்மவர்க்கு மட்டுமே உரியதன்று. நியூயோர்க் நகரப் பங்குச் சந்தையிலும், திங்கட்கிழமையில் விலை சரியும், ஜனவரியில் விலை ஏறும் என்னும் பேச்சு நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ஆடியில் தொடங்கிய காரியம் கெட்டதா, செழித்ததா என்பதைப் பதிந்து வைத்த ஏடு நம்மிடம் இல்லை. பங்கின் விலையோ சந்தை நடந்த ஒவ்வொரு நாளும் எண்ணாகப் பதியப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தச் சந்தையின் நாட்பலனைச் சோதித்துப் பார்க்கலாம். எப்படிச் சோதிப்பது, எத்தனை ஆண்டுப் பதிவு வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் இளைப்பாறியவர், சேவைக்காலத்தின் முடிவில் பெற்ற தொகையைப் பங்குகளில் இட எண்ணுகிறார். அதற்கு முன்னர் எச்சரிக்கையாக, இரண்டு ஆண்டுகளின் நியூயோர்க் விலைச் சுட்டெண்ணை ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதி, கிழமை வாரியாகப் பிரித்துச் சராசரி காண்கிறார். விடுமுறைகள் போக, 96 திங்கட்கிழமைகள் கிடைக்கின்றன. அவற்றின் சராசரி, நூற்றுக்கு 0.15 இறக்கம். ஏனைய நான்கு கிழமைகளின் சராசரி, நூற்றுக்கு 0.05 ஏற்றம். இடைவெளி 0.20. வெள்ளிக்கிழமை விற்றுத் திங்கள் மாலையில் திரும்ப வாங்கினால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழுக்கு மேல் இழப்பைத் தவிர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றுகிறது. தம் வாழ்நாட் சேமிப்பை அந்தக் கணக்கின்மேல் வைக்கலாமா?

முதலில், திங்கட்கிழமையின் மாற்றம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும். வெள்ளி மாலை விலைக்கும் திங்கள் மாலை விலைக்கும் இடையிலுள்ள வேற்றுமையா? அப்படியாயின் அது ஒரு நாளின் மாற்றமன்று. சனி, ஞாயிறு உட்பட மூன்று நாள்களின் மாற்றம். திங்கள் காலை விலைக்கும் மாலை விலைக்கும் உள்ள வேற்றுமை என்றால் அது வேறொரு பொருள். ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கொள்வது முன்னதையே. நாமும் அதையே கொள்வோம். அங்ஙனம் கொள்ளும்போது ஒரு விந்தை எழுகின்றது. காலம் செல்லச் செல்லப் பங்கு விலை சிறிது சிறிதாக ஏறுவது இயல்பென்றால், மூன்று நாள்களை உள்ளடக்கிய திங்கள், மற்றைக் கிழமைகளைவிடக் கூடுதலாக ஏறியிருக்க வேண்டும். இறங்கியிருப்பது இரட்டை வியப்பு.

இனி, 0.20 என்னும் இடைவெளி பெரியதா, சிறியதா? அதைத் தனியே பார்த்துச் சொல்ல முடியாது. விலை ஒரு நாளைக்கு எவ்வளவு ஊசலாடுகின்றது என்பதோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களை உள்ளடக்கிய அமெரிக்கச் சுட்டெண்கள், பெருங்குழப்பமில்லாத காலத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று என்னும் அளவில் மேலும் கீழும் அசைகின்றன. புள்ளிவிபரவியலார் இதனை நியம விலகல் என்பர். ஒரு நாளின் அசைவு ஒன்று. நாம் தேடுவதோ அதில் ஐந்திலொரு பங்கு. சந்தைக் கூச்சலின் நடுவே ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்க முயல்வது போன்றது இது.

பல நாள்களின் சராசரியை எடுத்தால் ஊசலாட்டம் குறையும். ஆனால் நாம் எதிர்பார்க்கும் வேகத்தில் குறையாது. எடுத்த நாள்களின் தொகைக்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் ஊசலாட்டத்தை வகுக்க வேண்டும். 100 திங்கட்கிழமைகள் என்றால் வர்க்கமூலம் 10. எனவே சராசரியின் தளம்பல் நூற்றுக்கு 0.10. அதனை மேலும் பாதியாக்க, இன்னுமொரு 100 போதாது. மொத்தம் 400 வேண்டும். இத்தளம்பலுக்கு நியம வழு என்று பெயர். கண்ட இடைவெளி நியம வழுவின் இரு மடங்கைத் தாண்டினாலன்றித் தற்செயலை விலக்க முடியாது என்பது பொது வழக்கு.

நம் நண்பரின் 96 திங்கட்கிழமைகளுக்கும், ஏனைய ஏறத்தாழ 400 நாள்களுக்கும் உரிய தளம்பலைச் சேர்த்துக் கணித்தால், இடைவெளியின் நியம வழு 0.11 அளவில் வருகின்றது. அவர் கண்ட 0.20, அதன் இரு மடங்கைத் தொடவில்லை. உண்மையான வேற்றுமை 0.10 அளவினதே என்று வைத்துக்கொள்வோம். திங்களின் தளம்பலை மட்டும் எண்ணினாலும், அதைக் காண 400 திங்கட்கிழமைகள், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அதுவும் போதாது. உண்மை சரியாக எல்லைக் கோட்டில் நிற்கும்போது, நாம் அளக்கும் சராசரி பாதி வேளை கோட்டுக்கு மேலேயும் பாதி வேளை கீழேயும் விழும். உள்ளதை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுபிடிக்க வேண்டுமாயின், பதிவு ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும்: பதினாறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுக் கொப்பி எங்கே, பதினாறு ஆண்டு எங்கே!

இதைவிடப் பெரிய வழு ஒன்று இருக்கிறது. அது கண்ணுக்கு எளிதில் தென்படாது. நண்பர், திங்கள் தாழ்ந்த நாளா என்னும் கேள்வியோடு தொடங்கவில்லை. ஐந்து கிழமைகளையும் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டார். புதன் ஒதுங்கி நின்றிருந்தால் புதனைப் பிடித்திருப்பார். அதற்கொரு காரணமும் சொல்லியிருப்பார். எந்தக் குணமும் இல்லாத கிழமைகளிலும் ஏதோ ஒன்று ஒதுங்கி நிற்கத்தான் செய்யும். ஒரு கிழமை தற்செயலாக இரு நியம வழுவைத் தாண்டும் வாய்ப்பு, நூற்றுக்கு ஐந்து. ஐந்து கிழமைகளில் ஏதேனும் ஒன்று தாண்டும் வாய்ப்பு, நூற்றுக்கு இருபத்திரண்டுக்கு மேல். நண்பர் கண்ட அளவு இடைவெளி, ஐந்தில் ஏதோ ஒன்றில் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்போ ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

இதை நம்பாதவர்கள் கணித நூலைத் திறக்கவேண்டியதில்லை. துண்டுக் கடதாசி போதும். ஒவ்வொரு வாரத்துக்கும் உரிய ஐந்து விலை மாற்றங்களை ஐந்து துண்டுகளில் எழுதுங்கள். அவற்றைக் குலுக்கி, வரும் வரிசைப்படி திங்கள், செவ்வாய் என்று புதிதாகப் பெயரிடுங்கள். எல்லா வாரங்களுக்கும் இவ்வாறே செய்யுங்கள். இப்பொழுது கையில் இருப்பது, விலைகளெல்லாம் உண்மையானவை, ஆனால் கிழமைகள் பொருளற்றவை என்னும் ஒரு பொய்ச் சந்தை. அதில் மற்றவற்றினின்று மிகவும் ஒதுங்கிய கிழமை எதுவோ, அதன் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மறுபடியும் குலுக்குங்கள். ஆயிரம் முறை குலுக்குவது மனிதக் கைக்குப் பெருந்தொல்லை; கணினிக்குச் சில கணங்களின் வேலை. ஆயிரம் பொய்ச் சந்தைகளில் முந்நூற்றில் 0.20 அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளி கிடைத்தால், கொப்பியிலுள்ள 0.20 எதையும் நிறுவவில்லை. பத்தில் மட்டுமே கிடைத்தால், அது கவனிக்கத் தக்கது.

இம்முறையில் இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். குலுக்குதல் ஒவ்வொரு வாரத்துக்குள்ளேயே நடக்கின்றது. சந்தை கொந்தளிக்கும் காலம் வாரக்கணக்காக நீடிப்பதுண்டு. எல்லா ஆண்டுகளையும் ஒரே பெட்டியில் இட்டுக் குலுக்கினால், கொந்தளிப்பும் அமைதியும் கலந்து, பொய்ச் சந்தை உண்மைச் சந்தையை ஒத்திராது. மற்றொன்று, ஒவ்வொரு முறையும் நாம் குறிப்பது திங்களின் இடைவெளியை அன்று; எது மிகப் பெரியதோ அதனை. நண்பர் ஐந்தையும் பார்த்துத் தெரிந்தார் அல்லவா? பொய்ச் சந்தைக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான்.

இனி, தக்க அளவு பதிவோடு செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சியைப் பார்ப்போம். கென்னத் பிரெஞ்ச் என்னும் அமெரிக்க அறிஞர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், 1953 முதல் 1977 வரை இருபத்தைந்து ஆண்டுகளின் நாளாந்த மாற்றங்களை எடுத்துக்கொண்டார். 1953இல் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு: நியூயோர்க் சந்தை 1952 வரை சனிக்கிழமைகளிலும் நடைபெற்றது, அதற்கு முன்னுள்ள வாரமும் பின்னுள்ள வாரமும் ஒன்றல்ல. அவருக்கு 1,170 திங்கட்கிழமைகள் கிடைத்தன. அவற்றின் சராசரி, நூற்றுக்கு 0.17 அளவு இறக்கம், ஊசலாட்டம் 0.84. 1,170இன் வர்க்கமூலம் 34, 0.84ஐ 34ஆல் வகுக்க, நியம வழு 0.025. எனவே இறக்கம், நியம வழுவின் ஆறு மடங்குக்கு மேல். ஐந்து கிழமைகளில் ஒன்றைத் தெரிந்ததற்காக எவ்வளவு தள்ளுபடி செய்தாலும் இது அசையாது. மேலும், இருபத்தைந்து ஆண்டுகளை ஐந்து ஐந்தாகப் பிரித்தபோதும், ஐந்து பகுதிகளிலும் திங்களின் சராசரி இறக்கமாகவே இருந்தது.

என் மதிப்பில், இப்பிரிப்பு முன்சொன்ன ஆறு மடங்கைவிட நம்பத்தக்க சான்று. ஏனெனில் பெருஞ்சராசரி ஒன்று ஒரே நாளின் செயலாகவும் இருக்கக்கூடும். 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் ஒரு திங்கட்கிழமை. அன்று ஒரே நாளில் டொவ் ஜோன்ஸ் சுட்டெண் நூற்றுக்கு 22.6 வீழ்ந்தது. பத்தாண்டுப் பதிவொன்றில் அந்த நாள் இடம்பெற்றால், 480 திங்கட்கிழமைகளின் சராசரியையும் அது தனியொன்றாக நின்று 0.047 கீழே இழுத்துவிடும். நாம் தேடும் வேற்றுமையே 0.10 என்னும்போது, இது அதில் ஏறக்குறையப் பாதி. ஆகையால் சராசரியோடு இடையத்தையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணையும், காண்பது நலம். மிகக் கொடிய இரண்டொரு நாள்களை விலக்கியும் ஒருமுறை கணிக்க வேண்டும். அந்த வீழ்ச்சி நடவாதது என்று பாசாங்கு செய்வதற்கன்று. முடிவு ஆயிரம் நாள்களைச் சார்ந்து நிற்கிறதா, ஒரு நாளைச் சார்ந்து நிற்கிறதா என்று அறிவதற்கு.

கிழமையை விட்டு மாதத்துக்கு வந்தால், நிலைமை மிகவும் கடினமாகின்றது. ஓராண்டில் ஐம்பது திங்கட்கிழமைகள் உண்டு. ஜனவரியோ ஒன்றே ஒன்று. இவ்விடத்தில் கெட்டிக்காரர் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வர். ஜனவரியில் இருபத்தொரு வியாபார நாள்கள் உள்ளனவே. இருபது ஆண்டுப் பதிவை எடுத்தால் 420 ஜனவரி நாள்கள் கிடைக்குமே. அது போதாதா என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றின் ஊசலாட்டம் ஒன்று. 420இன் வர்க்கமூலம் 20.5, எனவே ஒரு ஜனவரி நாளின் சராசரியில் உள்ள வழு 0.049. மாதத்துக்கு இருபத்தொரு நாளாகையால், 21ஆல் பெருக்க, 1.02. இனி மாதக் கணக்கில் பார்ப்போம். இருபத்தொரு நாள்கள் சேர்ந்த ஒரு மாதத்தின் ஊசலாட்டம் ஏறக்குறைய 4.6, இருபது ஜனவரிகளின் சராசரிக்கு, அதனை 20இன் வர்க்கமூலமாகிய 4.47ஆல் வகுக்க, வருவது அதே 1.02 அளவு. தேங்காயைச் சில்லுச் சில்லாக உடைத்து எண்ணினால் சில்லுகள் பெருகும், தேங்காய் பெருகாது. ஜனவரியைப் பற்றி அறியக் கூடுதலான ஜனவரிகள் வேண்டுமேயன்றிக் கூடுதலான நாள்கள் அல்ல.

ஆகவே, ஜனவரி பிற மாதங்களைவிட நூற்றுக்கு ஒன்று மேலானது என்பது உண்மையாக இருப்பினும், அதை இரு நியம வழு அளவில் காண 84 ஆண்டுகள் வேண்டும். பன்னிரண்டு மாதங்களையும் பார்த்துத் தெரிந்தவருக்கோ இரண்டு போதாது. பன்னிரண்டில் ஏதேனும் ஒன்று தற்செயலாக இரண்டைத் தாண்டும் வாய்ப்பு, நூற்றுக்கு நாற்பத்தாறு. கிட்டத்தட்ட நாணயத்தைச் சுண்டுவது போன்றது. அவர் ஏறக்குறைய 2.9 நியம வழு கேட்க வேண்டும். ஆண்டுத்தொகையும் அதற்கேற்பப் பெருகும். பத்தாண்டுப் பதிவை வைத்துக்கொண்டு மாதங்களுக்குக் குணம் வகுப்பவர், எத்துணை அழகான வரைபடம் காட்டினாலும், தற்செயலையே வரைந்து காட்டுகிறார்.

அப்படியாயின் ஜனவரியின் புகழ் எங்கிருந்து வந்தது? 1976ஆம் ஆண்டில் ரோசெவ், கின்னி என்னும் இருவர், 1904 முதல் 1974 வரையுள்ள நியூயோர்க் விலைகளை ஆராய்ந்தனர். ஜனவரியின் சராசரி ஏற்றம் நூற்றுக்கு 3.48, ஏனைய மாதங்களினது 0.42. இடைவெளி ஒன்றன்று, மூன்றுக்கு மேல். எழுபத்தொரு ஜனவரிகளில் அது புலப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் கொண்ட சுட்டெண், பெரிய நிறுவனத்துக்கும் சிறிய நிறுவனத்துக்கும் சம நிறை கொடுப்பது. 1983இல் டொனால்ட் கீம் என்பவர் பிரித்துக் காட்டியபோது, ஜனவரியின் ஏற்றம் பெரும்பாலும் சிறிய நிறுவனங்களுக்கே உரியது என்பதும், அதிலும் பெரும்பங்கு மாதத்தின் முதல் வாரத்தில் நிகழ்ந்தது என்பதும் தெரியவந்தன. வரிக்கணக்கில் நட்டம் காட்டுவதற்காக ஆண்டிறுதியில் பங்குகளை விற்பவர்கள் விலையைத் தாழ்த்துகிறார்கள், ஜனவரியில் அது மீள்கிறது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். எனவே சந்தையில் எந்தப் பங்குகளை அளந்தோம் என்று சொல்லாமல் ஜனவரியைப் பற்றிச் சொல்வது, எந்த ஊர் என்று சொல்லாமல் மழையைப் பற்றிச் சொல்வதாகும்.

இதுவரை ஒரு தனி மனிதர் எத்தனை கிழமைகளைப் பார்த்தார் என்றே எண்ணினோம். உலகம் முழுவதும் பல தலைமுறையாக எத்தனை பேர், எத்தனை நாள்களையும் மாதங்களையும் விடுமுறைகளையும் இதே பதிவேட்டில் புரட்டிப் பார்த்திருப்பர்! வெற்றி கண்டவர் எழுதினார். ஒன்றும் காணாதவர் ஏட்டை மூடிவிட்டார். சலிவன், டிம்மர்மன், வைட் என்னும் மூவர் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாட்காட்டியைக் கொண்டு அமைக்கக்கூடிய ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வியாபார விதிகளைத் தொகுத்து, டொவ் ஜோன்ஸ் சுட்டெண்ணின் நூறு ஆண்டு நாளாந்தப் பதிவோடு பொருத்தினர். அவ்வளவு விதிகளுள் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கணக்கிற் கொண்டபோது, அச்சிறந்த விதியின் மேம்பாட்டைத் தற்செயலினின்று பிரித்தறிய இயலவில்லை. பிரெஞ்சின் இருபத்தைந்து ஆண்டுத் திங்கள் பொய் என்று இதனாற் கொள்ள வேண்டியதில்லை. அக்காலத்தில் அது மெய் என்றே நான் எண்ணுகிறேன். அது நூறு ஆண்டுக்கும் உரிய விதியா என்பது வேறு வினா.

எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளில் திங்களின் தாழ்வு மங்கிவிட்டது. சில காலப் பகுதிகளில் திங்கள் ஏற்றமாகவே மாறியது. நிலைத்திருந்த காலத்தில்தானும் அதனாற் பொருளீட்டுதல் எளிதாக இருக்கவில்லை. நியூயோர்க்கில் 1975 மே மாதம் வரை தரகுக் கூலி விதிப்படி நிலையாக வரையறுக்கப்பட்டிருந்தது. வாரந்தோறும் விற்றும் வாங்கியும் இருமுறை கூலி கொடுத்த ஒருவர், 0.17ஐக் காப்பாற்ற அதற்கு மேல் செலவிட்டிருப்பார். பிரெஞ்சும் இதனை உணர்ந்திருந்தார். எப்படியும் வாங்கவோ விற்கவோ இருப்பவர் தம் நாளைச் சற்று மாற்றிக்கொள்ளலாம் என்ற அளவிலேயே அவர் பயன் கண்டார்.

நம் இளைப்பாறிய நண்பருக்கு ஒரு வழி இருக்கிறது. அவருடைய கொப்பியில் இல்லாத ஆண்டுகளின் விலைப்பதிவு இன்று எளிதிற் கிடைக்கும். அதைத் திறப்பதற்கு முன்னர், ஒரு கடதாசியில் அவர் எழுதி வைக்கவேண்டும்: எந்தக் கிழமை, எந்தச் சுட்டெண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, இடைவெளி எத்தனை நியம வழுவைத் தாண்டினால் ஏற்பேன், தரகுக் கூலி போக எவ்வளவு எஞ்ச வேண்டும். பிறகு திறந்து, ஒரே முறை கணிக்க வேண்டும். அந்தக் கடதாசியில் திங்கள் என்று எழுதியிருக்க, புதிய பதிவில் திங்கள் சாதாரணமாகவும் புதன் தாழ்ந்தும் நிற்கக் கண்டால், அந்தப் புதனை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. புதனுக்கு இன்னொரு பதிவேடு வேண்டும். அதுவும் அவர் இன்னும் புரட்டாத பதிவேடாக இருக்க வேண்டும்.